பை இரண்டாவது முறை வெளியே போகும்போதுதான் விளம்பரம்

பொட்டிக் நடத்தும் தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கைகளே,

ஈரோட்டில் 22 வருடமாகத் துணிப்பைகளுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் பட்டறை நடத்துகிறேன். மாதத்துக்கு உங்களில் மூன்று நான்கு பேராவது புதிதாகக் கடை திறக்கும் உற்சாகத்தோடு வந்து, செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதை அப்படியே அடிச்சுக் குடுங்கக்கா" என்கிறீர்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில், சுருக்கம் இல்லாமல், காலியான ஒரு பை நேராக நிற்கிறது. ஆனால் எந்தப் பையும் தெருவில் அப்படி நிற்பதில்லை. போன வருடம் பேருந்து நிலையத்தில் ஓர் அம்மாவின் தோளில் ஒரு பையைப் பார்த்தேன். நிறத்தை வைத்து என் பட்டறையில் அடித்தது என்று தெரிந்துவிட்டது. கடைப் பெயரை மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை. அடித்தவளாலேயே வாசிக்க முடியாத பையை யார் வாசிக்கப் போகிறார்கள்? அன்றைக்கே உங்கள் எல்லோருக்கும் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். துணி வாங்கியவர் உங்கள் பையோடு வீட்டுக்குப் போவது முதல் பயணம். வழியில் நாலு பேர் பார்க்கலாம். ஆனால் பைக்குக் கொடுத்த காசு அந்த ஒரு பயணத்தில் திரும்பி வராது. அவர் அதே பையில் மறுநாள் டிபன் பாக்ஸ் எடுத்துப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கொண்டு போக வேண்டும், அக்கா வீட்டுக்கு முறுக்கு போட்டு அனுப்ப வேண்டும். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையை நினைத்துப் பாருங்கள். தேங்காயும் வெற்றிலை பாக்கும் வீடு சேர்ந்ததோடு அதன் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் நாலு வருடம் கழித்து ரேஷன் கடை வரிசையில் அந்த மணமக்களின் பெயர் யாரோ ஒருவர் கையில் தொங்கிக்கொண்டிருக்கும். துணி நன்றாக இருக்கிறது, பிடி அறுந்து போகவில்லை, கையில் எடுத்துப் போக யாருக்கும் கூச்சமில்லை. அதனால்தான் அந்தப் பெயர் இன்னும் ஊரைச் சுற்றுகிறது. உங்கள் பையையும் அந்த இரண்டாவது பயணத்தை நினைத்துத்தான் வரைய வேண்டும்.

அந்தப் பயணத்தில் பை எப்படித் தெரியும் என்று சாலையோரம் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கையில் பிடித்துப் போகும்போது பையின் ஒரு முகம் காலோடு ஒட்டியிருக்கும், மறுமுகம்தான் வெளியே தெரியும். எந்த முகம் வெளியே வரும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே இரண்டு பக்கமும் பெயர் வேண்டும். தோளில் மாட்டினால் பையின் மேல் மூன்றில் ஒரு பங்கு முழங்கைக்கும் துப்பட்டாவுக்கும் அடியில் போய்விடும். உள்ளே இருக்கும் பொருளின் கனத்தில் கீழ்ப் பங்கு புடைத்து, மடிந்து, கோணலாகும். நேராகத் தெரிவது நடுவில் உள்ள பட்டைதான். 16 அங்குல உயரப் பை என்றால், மேலிருந்து 5 அங்குலத்திலிருந்து 11 அங்குலம் வரை உள்ள இடம். வாசிக்க வேண்டியது அதற்குள் வர வேண்டும். உங்களில் முக்கால்வாசிப் பேர் பெயரை மேல் விளிம்புக்குக் கீழேயே வைக்கிறீர்கள். காலிப் பையின் படத்தில் அது எடுப்பாக இருக்கும், தோளில் ஏறியதும் மறைந்துவிடும்.

ஸ்கூட்டரை மறந்துவிடாதீர்கள். நம் ஊர்ப் பெண்களின் பை பாதி நேரம் ஸ்கூட்டரின் முன் கொக்கியில்தான் தொங்குகிறது. அப்போது பையின் அகலமான முகம் ஓட்டுகிறவரின் முழங்காலைப் பார்த்தபடி இருக்கும். சிக்னலில் பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்குத் தெரிவது பையின் பக்கவாட்டுப் பட்டிதான். பட்டறையில் அதை கஸெட் என்போம். 4 அங்குலம் அகலம் உள்ள அந்தப் பட்டியை எல்லோரும் வெறுமனே விடுகிறார்கள். சிக்னலில் நிற்கும் அரை நிமிடத்தைப்போல நிதானமாக ஒருவர் உங்கள் பையைப் பார்க்கும் நேரம் வேறு கிடைக்காது. பெயரைப் பக்கவாட்டில் திருப்பி, மேலிருந்து கீழாக வாசிக்கும்படி அந்தப் பட்டியில் ஒரு முறை அடித்துவிடுங்கள். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. துணியை வெட்டியதும், தைப்பதற்கு முன்பே அச்சடிக்க வேண்டும். தைத்து முடித்த பையில் அடித்தால் தையல் மேட்டில் ஸ்குவீஜி ஏறி இறங்கும். அந்த இடத்தில் மை ஒரு பக்கம் அப்பிக்கொள்ளும், ஒரு பக்கம் விட்டுப்போகும். பையை ஓரிடத்தில் தைத்து வாங்கி வேறிடத்தில் அச்சுக்குக் கொடுப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே யோசித்துவிட வேண்டும்.

இனி பெயர். கோபியிலிருந்து ஒரு தங்கை வந்த கதையைச் சொன்னால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். கடைப் பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். 'ஸ்ரீ கயல்விழி டிசைனர் பொட்டிக் அண்ட் டெய்லரிங்' என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறோர் இடத்தில் 500 பை அடித்து, கொடுத்தும் தீர்த்துவிட்டார். "பை குடுத்துட்டே இருக்கேன்க்கா. ஒருத்தர்கூட பையைப் பார்த்துட்டு வந்தேன்னு சொன்னதில்லை" என்றார். மீதி இருந்த ஒரு பையைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினோம். "பின்னாலயே நடந்து போ கண்ணு, எப்போ வாசிக்க முடியலையோ அப்போ நில்லு" என்றேன். பெயர் என்னவென்று தெரிந்தவர்தானே, அவரே நாலாவது எட்டில் நின்றுவிட்டார்.

அந்தப் பையின் முகத்தில் என்னென்ன இருந்தன என்று எண்ணினோம். மேலே லட்சுமி. நடுவில் ஒரு வட்டம், அதற்குள் மயிலிறகு வைத்த பெண் முகம், வட்டத்தைச் சுற்றி வளைந்தபடி முழுப்பெயர். கீழே ஆரி வேலையில் தொடங்கி ஃபால்ஸ் அடிப்பது வரை எட்டு வேலைகளின் பட்டியல். அதன் கீழே இரண்டு செல்போன் எண், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், மூன்று வரி முகவரி. இத்தனையும் ஏற வேண்டுமென்றால் பெயருக்குக் கால் அங்குல உயரம்தான் மிஞ்சும். பெயர்ப் பலகை எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் ஒரு கணக்கு உண்டு. எழுத்தின் உயரம் ஓர் அங்குலம் என்றால் 10 அடியிலிருந்து சிரமமில்லாமல் வாசிக்கலாம். கால் அங்குலத்துக்கு இரண்டரை அடி. அவ்வளவு பக்கத்தில் நிற்பவருக்கு வாசிக்க எதுவும் தேவையில்லை, நேராகவே கேட்டுவிடுவார். தெருவில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்க்கும் தூரம் 10 அடியிலிருந்து 25 அடி வரை. பையும் ஆடிக்கொண்டே போகிறது. ஆகவே பெயருக்கு 2 அங்குலத்துக்குக் குறைந்த எழுத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை.

2 அங்குல உயரத்தில் அந்த முழுப்பெயர் 14 அங்குல அகலப் பையில் ஏறாது. அதனால் பெயரைச் சுருக்கினோம். பலகையிலும் பில்லிலும் முழுப்பெயர் இருக்கட்டும், பையில் 'கயல்' போதும். ஊரில் எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்? மூன்றே எழுத்து. இரண்டரை அங்குல உயரத்தில் வைத்தால் ஏறக்குறைய 10 அங்குல அகலத்தில் உட்கார்ந்துவிடுகிறது, இரண்டு ஓரத்திலும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. அதன் கீழே முக்கால் அங்குலத்தில் இரண்டு வரி மட்டும்: 'பிளவுஸ், ஆரி வேலை' என்று ஒன்று, 'சத்தி ரோடு, கோபி' என்று ஒன்று. பேருந்துக்கு நிற்கும் ஒரு பெண் பையைப் பார்த்ததும் அவள் மனதில் எழுவது மூன்றே கேள்வி: எந்தக் கடை, என்ன கிடைக்கும், எங்கே இருக்கிறது. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் மீதியை அவளே தேடிக்கொள்வாள்.

"போன் நம்பர் இல்லாம எப்படிக்கா?" என்று நீங்கள் எல்லோரும் கேட்பீர்கள். நடந்து போகிறவரின் பையிலிருந்து பத்து இலக்கத்தை எவரும் குறித்துக்கொள்ள முடியாது. எண் தேவைப்படுவது பையை வீட்டில் வைத்திருப்பவருக்கு. பையின் வாயில் உள்பக்கமாக ஒரு சின்னத் துணி லேபிள் தைத்து, அதில் எண்ணையும் முகவரியையும் போட்டுவிடுங்கள். கியூஆர் குறியீட்டுக்கும் அதே கதிதான். சுருங்கிய துணியில், ஆடும் பையில் அதை எந்தப் போனும் பிடிக்காது. வேண்டுமானால் பில்லோடு தரும் அட்டையில் அச்சடியுங்கள், அங்கே அது வேலை செய்யும்.

லட்சுமி படத்தைப் பற்றிச் சொல்ல எனக்கே தயக்கமாகத்தான் இருக்கிறது. நானும் தினம் விளக்கேற்றித்தான் பட்டறையைத் திறக்கிறேன். ஆனால் சாமி படம் போட்ட பையை யாரும் பேருந்தின் தரையில் வைக்க மாட்டார்கள். அதில் செருப்பு வைக்க மாட்டார்கள், கறி வாங்கப் போக மாட்டார்கள். பழசானால் தூக்கிப் போடவும் மனசு வராது. மடித்து பீரோவின் மேல் வைத்துவிடுவார்கள், பையும் அங்கேயே தங்கிவிடும். வெளியே போகாத பை எப்படி விளம்பரமாகும்? மரியாதைக்காக நாம் போட்ட படமே பையை வீட்டில் முடக்கிவிடுகிறது. பிள்ளையார் சுழியை உள் லேபிளில் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்தைத் துணியில் அடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. காடாத் துணியின் இழை முரடு. மை அதில் இறங்க வேண்டுமானால் ஸ்கிரீனின் வலைக்கண்ணும் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடோ இடைவெளியோ அதில் தங்காது. நம் எழுத்துகளோ சுழியும் வளைவுமாக இருப்பவை. மெல்லிய அலங்கார எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் 'ண'வின் சுழிகள் மையில் அடைபட்டு 'ன'வைப் போலத் தெரியும். புள்ளியின் கதை வேறு. நூறு நூற்றைம்பது பை அடித்ததும் வலையில் மை காய ஆரம்பிக்கும். முதலில் அடைபடுவது சின்ன ஓட்டைகள். 'கயல்' 'கயல' ஆகிவிடும். நாங்கள் அவ்வப்போது துடைத்துக்கொண்டேதான் அடிப்போம், இருந்தாலும் புள்ளி சின்னதாக இருந்தால் தப்பிவிடும். அதனால் ஒரே தடிமனுள்ள எழுத்தாக எடுங்கள். புள்ளியை எழுத்துரு தருகிற அளவில் விடாமல் தனியே பெரிதாக்குங்கள். சுழிகளின் உள்ளே குறைந்தது ஒரு மில்லிமீட்டர் வெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்டர் வாங்கும்போது முதல் பையை மட்டும் சரிபார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கட்டின் நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் ஒவ்வொன்று உருவிப் பாருங்கள்.

பெயர் தமிழிலா ஆங்கிலத்திலா என்று குழம்ப வேண்டாம். ஒரு முகத்தில் தமிழ், மறுமுகத்தில் ஆங்கிலம். ஒரே முகத்தில் இரண்டையும் போட்டால் இரண்டும் பாதி அளவாகிவிடும்.

நிறத்துக்கு வருவோம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனி ஸ்கிரீன், ஒவ்வொரு பையிலும் ஒரு தனி இழுப்பு. ஆகவே நிறம் கூடக் கூடச் செலவும் கூடும், நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகும் தொல்லையும் கூடும். வெளிர் காடாத் துணியில் மெரூன், கரும்பச்சை, நேவி நீலம் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து நன்றாக அடித்தாலே 25 அடியிலிருந்து தெரியும். தங்க நிறம் கேட்பவர்கள் நிறையப் பேர். காடாவின் பழுப்பில் அது மங்கிக் கரைந்துவிடும், தூரத்திலிருந்து பெயரே இருக்காது. ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வருடாவருடம் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பெயரை வாசிப்பதற்கு முன்பே நிறத்தைப் பார்த்து இன்ன கடைப் பை என்று சொல்லும் நிலை அப்படித்தான் வரும்.

மை காய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. இது என் பட்டறையில் நடந்த தவறு. ஒரு தீபாவளி அவசரத்தில் 300 பையை வெயிலில் உலர்த்தியதோடு கட்டி அனுப்பிவிட்டேன். தொட்டால் காய்ந்துதான் இருந்தது. ஆனால் பிக்மென்ட் மை துணியோடு பிடிக்க ஏறக்குறைய 150 டிகிரி சூட்டில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வேக வேண்டும். வேகாத மை வியர்வை பட்டதும் இளகி, ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைச் சுடிதாரில் ஒட்டிக்கொண்டது. கெட்டது அந்தக் கடைக்காரத் தங்கையின் பெயர். 300 பையையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்கிறேன்: வெள்ளைத் துணி ஒன்றை ஈரமாக்கி அச்சின் மேல் அழுத்திப் பத்துத் தடவை தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் பையை வாங்காதீர்கள், யாருடைய பட்டறையாக இருந்தாலும் சரி, என்னுடையதாக இருந்தாலும் சரி.

துணியில் ஏமாறுவது கஞ்சியால். கஞ்சி நிறையப் போட்ட மெல்லிய துணி கைக்கு மொடமொடவென்று கனமாகத்தான் இருக்கும். ஒரு துவைப்பில் கஞ்சி போய்விட்டால் பை துவண்டு, பெயர் சுருங்கிக் கிடக்கும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துக் கசக்கினால் மாவு போல் உதிர்வதே அதற்கு அடையாளம். இன்னும் நம்பகமான வழி தராசு. 14க்கு 16 அளவில், 4 அங்குலப் பட்டியும் தோள் பிடியும் வைத்து 150 ஜிஎஸ்எம் துணியில் தைத்த பை 80 கிராமுக்கு அக்கம்பக்கம் இருக்க வேண்டும். மாதிரிப் பை ஒன்றை எடை போட்டு, துவைத்துக் காயவைத்து, மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடை பெரும்பாலும் கஞ்சிதான். அதே நேரம் எவ்வளவு சுருங்கியது, அச்சு வெளிறியதா என்பதும் தெரிந்துவிடும். பிடி 25 அங்குல நீளம் இருந்தால் தோளில் தாராளமாக ஏறும். பிடி பையோடு சேரும் இடத்தில் சதுரம் அடித்து அதற்குள் பெருக்கல் குறி போட்டுத் தைத்திருக்க வேண்டும். வெறும் இரண்டு தையல் போட்ட பிடி, தக்காளி வாங்கப் போன இடத்தில் ஒருநாள் அறுந்துவிடும். அத்தோடு உங்கள் விளம்பரமும் முடிந்தது.

விலை குறைவு என்று நான்வோவன் பையை உங்களிடம் கொண்டு வருவார்கள். தொட்டால் துணி மாதிரி இருக்கும், ஆனால் அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. உங்கள் பெயரை அச்சடித்த தடை செய்யப்பட்ட பை ஊரெல்லாம் திரிந்தால், அதிகாரிகளுக்கு நீங்களே முகவரி எழுதிக் கொடுத்த மாதிரிதான். இன்னொன்று, பெயர் போட்ட பைக்கு வாடிக்கையாளரிடம் காசு கேட்காதீர்கள். கடைப் பெயர் அச்சிட்ட காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கிய ஒரு செருப்புக் கடைக்கு எதிராக 2019இல் சண்டிகர் நுகர்வோர் மன்றம் தீர்ப்புச் சொன்னது. நம் விளம்பரத்தைச் சுமப்பவரிடமே அதற்குக் காசு வாங்குவது நியாயமில்லை என்பது சட்டம் படிக்காதவருக்கும் புரியும். செலவு கட்டவில்லை என்றால், சின்ன ஃபால்ஸ் வேலைக்குக் காகிதக் கவர் கொடுங்கள். துணிப்பையைப் பெரிய தொகைக்குத் துணி எடுத்தவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோபித் தங்கை இப்படித்தான் செய்தார். இரண்டாவது 500 பை அடித்த பிறகு, புதிதாகக் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "எப்படித் தெரியும்?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன். ஆறு மாதத்தில் பையைப் பார்த்து வந்ததாகச் சொன்னவர்கள் 11 பேர். பெரிய கூட்டமில்லை. மற்றவர்கள் எப்போதும்போலத் தெரிந்தவர் சொல்லித்தான் வந்தார்கள். பை அந்த வேலையைச் செய்துவிடாது. ஆனால் அந்த 11 பேரில் 4 பேர் அவருடைய வாடிக்கையாளர் கையில் பையைப் பார்க்கவில்லை. ஒருவர் தன் பள்ளி ஆசிரியையிடம் பார்த்திருக்கிறார், ஒருவர் ஆஸ்பத்திரி வரிசையில், முன்பின் தெரியாத ஒரு பாட்டியின் மடியில். பை கைமாறிக் கைமாறி, அவர் முகமே தெரியாதவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதனால், ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் டிசைனை உண்மையான அளவில் காகிதத்தில் அச்செடுங்கள். வீட்டில் இருக்கும் ஒரு பழைய துணிப்பையில் குண்டூசியால் குத்துங்கள். உள்ளே இரண்டு புடவை, ஒரு டிபன் பாக்ஸ், ஒரு தண்ணீர் பாட்டில் வையுங்கள். தங்கையையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஸ்கூட்டர் கொக்கியிலும் மாட்டிப் பாருங்கள். உங்கள் கடைப் பெயர் தெரியாத ஒருவரை 10 அடியிலும் 20 அடியிலும் நிற்க வைத்து, வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் பேனாவால் வட்டம் போட்டு, அந்தக் காகிதத்தோடு அச்சுக்காரரிடம் போங்கள். செல்போன் படத்தைக் காட்ட வேண்டாம், அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து உங்கள் அச்சுக்கார அக்கா